‘அளவாப் போடு’ என்றால் எவ்வளவு? ஒரு மலாய் விளம்பரம் தமிழுக்கு வந்த கதை

செபராங் பிறையில் கறி விழுது தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம். அரைத்து வதக்கிய விழுதைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். மலாய் வாடிக்கையாளர்களுக்காக அவர்கள் போட்ட ஒரு சுவரொட்டி கெடாவில் நன்றாக எடுபட்டது. தீபாவளிக்கு முன் பினாங்கில் இருக்கும் தமிழர் கடைகளிலும் அதையே தமிழில் ஒட்ட நினைத்தார்கள். விற்பனைப் பிரிவில் ஒருவர் அலோர் ஸ்டாரில் ஒரு பேரங்காடித் தூணில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து, தமிழ் விளம்பரம் எழுதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு வரி: இதைத் தமிழில் மாற்றிக் கொடுத்தால் போதும், படத்தில் எதையும் தொட வேண்டாம்.

படத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான்: “செச்சுக்குப் ராசா து பெராப்பா?” அதன் கீழே கொஞ்சம் சிறியதாக: “சத்து பெக்கெட், சத்து கிலோ. டா ச்சுக்குப் ராசா.”

மலாய்ச் சமையல் குறிப்புகளில் உப்புக்கு நேராக எழுதியிருப்பது ‘செச்சுக்குப் ராசா’. சுவைக்குப் போதுமான அளவு என்று பொருள். அம்மாக்களும் வாயால் அப்படித்தான் சொல்கிறார்கள். சமைக்கத் தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. சுவரொட்டியில் தலையில் துடோங் அணிந்த ஒரு இளம்பெண், தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு சட்டியைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கிறாள். ‘அந்தச் செச்சுக்குப் ராசா எவ்வளவுதான்?’ என்று அவள் கேட்கிறாள். கீழ்வரி பதில் சொல்கிறது: ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிலோ, சுவை போதுமானதாக இருக்கிறது.

நல்ல விளம்பரம். கேள்வியும் பதிலும் ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன. பொருளைப் பற்றி ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. இதை நேராகத் தமிழில் போட்டால் ‘சுவைக்குப் போதுமானது என்பது எவ்வளவு?’ என்று வரும். இலக்கணப் பிழை இல்லை, பொருள் பிழையும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எந்தத் தமிழ்ச் சமையலறையிலும் யாரும் கேட்டதில்லை. கேட்காத சொல்லை வைத்து ‘இதன் அளவு என்ன?’ என்று கேட்டால், படிப்பவருக்கு அது தன் கேள்வியாகத் தோன்றாது.

படத்தில் தெரியாத வரி

சுவரொட்டியைப் படமாகப் பெறும்போது ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. நம் கையில் இருப்பது விளம்பரம் அல்ல, விளம்பரத்தின் ஒரு பார்வை மட்டுமே. இந்தப் படத்தில் இடது மூலையை ஒரு தள்ளுவண்டி மறைத்திருந்தது. அடியில் ஓடிய மஞ்சள் பட்டையில் குழல் விளக்கின் வெளிச்சம் அடித்து எழுத்து வெளுத்துப் போயிருந்தது. படம் எடுத்தவர் பெரிய எழுத்தைத்தான் வாசகம் என்று நினைத்தார். அது இயல்புதான்.

எழுத உட்காரும் முன் படத்தில் உள்ள எல்லாவற்றையும் இடம்வாரியாக ஒரு தாளில் எழுதிவிடுவது என் வழக்கம். மேலே என்ன, நடுவில் என்ன, ஆளின் கண் எங்கே பார்க்கிறது, பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வரியைப் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாகவே விட்டுவிட்டு, அதைப் பற்றி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மூல வடிவமைப்பு கோலாலம்பூரில் உள்ள விளம்பர முகவரிடம் இருந்ததால் கிடைக்கத் தாமதமாகும் என்றார்கள். அதற்குள் ஒரு பாக்கெட்டையாவது அனுப்பச் சொன்னேன்.

பாக்கெட் வந்ததும் விஷயம் தெளிவானது. பின்பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது: 200 கிராம் விழுது, ஒரு கிலோ கோழி, 500 மில்லிலிட்டர் தண்ணீர். அதற்குக் கீழே, உப்பு சேர்க்கப்பட்டுவிட்டது, வேறு சேர்க்கத் தேவையில்லை என்று ஒரு வரி. வெளிச்சத்தில் மறைந்த மஞ்சள் பட்டையிலும் இதே வரிதான் இருந்தது என்று பிறகு மூல வடிவமைப்பு வந்தபோது பார்த்தேன்.

அந்த வரி இல்லாமல் மேலே உள்ள கேள்விக்கு உண்மையான பதிலே கிடையாது. மலாய்க்காரருக்கு ‘செச்சுக்குப் ராசா’ என்றவுடனே உப்புதான் நினைவுக்கு வரும், ஏனென்றால் குறிப்புகளில் அது உப்போடு ஒட்டியே வருகிறது. எனவே அந்தச் சுவரொட்டி பேசுவது சுவையைப் பற்றி அல்ல. கறி விழுது விற்பவர்கள் எல்லோரும் சுவை என்றுதான் சொல்கிறார்கள். இவர்களிடம் இருப்பது வேறு: உப்பு முதற்கொண்டு எல்லாம் அளந்து உள்ளே இருக்கிறது, நீங்கள் ஊகிக்க ஒன்றுமில்லை.

இதை ஒரே வாக்கியமாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன்: ‘சமைக்கக் கற்றுக்கொள்பவருக்கு யாரும் சொல்லித் தராத அளவு இந்தப் பாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிறது.’ இதுதான் நீங்கள் விற்பது என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. பிற்பாடு ‘மலாயில் இருக்கும் இந்தச் சொல் தமிழில் எங்கே?’ என்று கேட்கும்போது, சொல்லைத் தேடாமல் இந்த வாக்கியத்தை வைத்துப் பேசலாம்.

யார் படிக்கப் போகிறார்கள்

மலேசியாவில் தமிழ் விளம்பரம் எழுதுபவர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இங்கே தமிழ் படிப்பவருக்கு மலாய் தெரியும். பள்ளியில் படித்திருக்கிறார், வேலையிடத்தில் பேசுகிறார், அந்த மலாய்ச் சுவரொட்டியை எங்கோ பார்த்தும் இருப்பார். தகவல் அவருக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியானால் தமிழில் ஏன் தனியாகப் போட வேண்டும்? ‘இது உன் வீட்டுச் சமையலறைக்கும்தான்’ என்று சொல்வதற்காக. சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழ் இந்த ஒரு வேலையைத்தான் செய்யத் தவறுகிறது. மலாயும் தமிழும் தெரிந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நமக்கு மிச்சத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கடை வாசலுக்கு வெளியே பலகை வைப்பதாக இருந்தால் இந்த ஒப்பீடு இன்னும் நேரடியாக நடக்கும். வெளிப்புற விளம்பரங்களில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது உள்ளாட்சி மன்றங்களின் விதி. மலாய் வாசகத்தின் மொழியை அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்துத் தருகிறது. ஆக, மலாய் வரியும் தமிழ் வரியும் ஒரே பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். தமிழ் வரி வேறு சொற்களில் இருக்கலாம், ஆனால் வேறு கதை சொல்லக் கூடாது.

இனி, வாங்குபவர் யார்? நிறுவனம் நினைத்தது குடும்பத் தலைவிகளை. எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மல்லி, மிளகாய், சீரகம் தனித்தனியாக வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கும் அக்காமார்களுக்கு இந்தப் பாக்கெட் தேவையே இல்லை. அவர்களுக்கு உப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வியாக இருந்ததே கிடையாது. அந்தக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய காலத்திலிருந்து கெடா, பேராக் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். சுங்கை பட்டாணி, கூலிம், சுங்கை சிப்புட் என்று எங்கிருந்தோ வந்து, நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இரவு வேலை முடிந்து வந்து சமைக்கிறார்கள். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பது அவர்கள்தான். மலாய்ச் சுவரொட்டியில் இருக்கும் அந்தப் பெண்ணின் தமிழ் உருவம் இந்தப் பிள்ளைகள். அதில் பாதிப் பேர் ஆண்கள்.

விலக்கிய வாசகங்கள்

நிறுவனத்தின் விற்பனை மேலாளருக்கு மிகவும் பிடித்த யோசனை ‘அம்மாவின் கைப்பக்குவம்’. தமிழர்களுக்கு அம்மா என்றால் உருகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு எதிராக நான் வைத்த காரணம் எளியது. அந்த வரியைப் போட்டு, நிறுவனப் பெயரைக் கையால் மூடிவிட்டுப் பாருங்கள். அது எந்த மசாலாவின் விளம்பரமாகவும் இருக்கலாம், இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. கைப்பக்குவம் என்பது அளக்க முடியாதது. நாம் விற்பதோ அளந்ததை. இரண்டையும் ஒரே சுவரொட்டியில் வைத்தால் ஒன்றை ஒன்று பொய்யாக்கும். அம்மாவின் இடத்தைப் பாக்கெட் பிடிக்கும் என்று சொல்லும் விளம்பரத்தை அம்மாவும் ரசிக்கமாட்டார், பிள்ளையும் ரசிக்கமாட்டான்.

அடுத்தது ‘தேவையான அளவு என்றால் எவ்வளவு?’. தமிழ்ச் சமையல் குறிப்புகளில் உப்புக்கு நேராக இருப்பது ‘தேவையான அளவு’தானே, அதையே போட்டால் என்ன? இது கிட்டத்தட்டச் சரிதான். நான் இதையே கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம், நிறுவனமும் மகிழ்ந்திருக்கும். ஆனால் மலாய்ச் சொல் அச்சிலும் இருக்கிறது, அம்மா வாயிலும் இருக்கிறது. தமிழில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. ‘தேவையான அளவு’ என்பது பத்திரிகைக் குறிப்பு பேசும் பேச்சு. போனில் எந்த அம்மாவும் ‘உப்பு தேவையான அளவு சேர்’ என்று சொல்வதில்லை. சுவரொட்டியின் காட்சியோ போன் பேச்சு. படம் ஒரு வீட்டைக் காட்டும்போது வாசகம் புத்தகத்திலிருந்து பேசினால் இரண்டும் ஒட்டாது.

அப்படியானால் அம்மா என்னதான் சொல்கிறார்? ‘பார்த்துப் போடு’ என்கிறார். ‘கொஞ்சமா போடு’ என்கிறார். ‘கண்ணுக்குத் தெரியும் பாரு’ என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அளவாப் போடு’ என்கிறார். அளவு என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அளவை மட்டும் சொல்லாமல் விடும் வாக்கியம் இது. இதைக் கேட்டு விழிக்காத பிள்ளை இல்லை. மலாய் வாசகத்தின் நகைச்சுவை எங்கே இருந்ததோ அதே இடத்தில் தமிழ் தானாகவே ஒன்றை வைத்திருக்கிறது. கூடுதல் நன்மை, நாம் விற்கும் ‘அளவு’ என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பதில் வரிக்கும் அதுவே வழி காட்டியது. சாப்பிட்டுப் பார்ப்பவர் சொல்வது ‘உப்பு அளவா இருக்கு’ என்பதுதானே. மலாயில் ‘செச்சுக்குப் ராசா’ என்று கேட்டு ‘ச்சுக்குப் ராசா’ என்று முடித்தது போல, இங்கே ‘அளவாப் போடு’ என்று தொடங்கி ‘அளவா இருக்கு’ என்று முடிக்கலாம்.

முதல் வடிவமும் அது பட்ட பாடும்

முதலில் எழுதிய வடிவம் இது:

“உப்பு அளவாப் போடும்மா!”
“அளவுன்னா எவ்வளவும்மா?”
ஒரு பாக்கெட், ஒரு கிலோ. அளவா இருக்கு.

அம்மா மகளை ‘ம்மா’ என்கிறார், மகளும் அம்மாவை ‘ம்மா’ என்கிறாள். காதுக்கு நன்றாக இருந்தது. ஏ4 தாளில் அச்சடித்து, லெபோ பசார் கடைக்காரர்கள் சிலரிடமும் பாயான் லெப்பாஸில் வாடகை வீட்டுப் பிள்ளைகள் சிலரிடமும் காட்டினேன். சோதிக்கும் முறையில் பெரிய வித்தை இல்லை. ஐந்து விநாடி காட்டிவிட்டுத் தாளைத் திருப்பிவிட வேண்டும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்கக் கூடாது, எல்லோரும் நல்லா இருக்கு என்றே சொல்வார்கள். ‘என்ன விக்கிறாங்க?’ என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, ‘அதுல என்ன விசேஷம்னு சொல்றாங்க?’ என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் நாம் எழுதி வைத்த ஒற்றை வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாசகம் வேலை செய்கிறது.

இரண்டாவது கேள்விக்குப் போகவே முடியவில்லை. ‘உப்பு விளம்பரமாண்ணே?’ என்றார் ஒரு கடைப்பையன். இன்னொருவர், உப்புக் குறைந்த ஏதோ புதுப் பொருள், இரத்த அழுத்தக்காரர்களுக்கு, என்று நினைத்தார். ‘உப்பு’ என்ற சொல் பெரிய எழுத்தில் முதலில் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டது. மலாயில் உப்பு என்ற சொல் பெரிய எழுத்தில் இல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே அது படிப்பவர் மனதில் தானாக வந்தது. தமிழில் அதை நாம் வெளியே எடுத்து வைத்ததும் அதன் எடை மாறிவிட்டது. எனவே உப்பைத் தலைப்பிலிருந்து எடுத்துக் கீழ்வரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அது கேள்விக்கு விடையாக நிற்கும்.

இன்னொரு தடை நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்தது. தமிழ் தெரியாத மேலாளர்கள் ஒப்புதல் தர வேண்டுமானால், தமிழ் வரியைத் திரும்ப மலாயில் எழுதிக் காட்ட வேண்டும். அவர்கள் தாமாகவே யாரிடமோ கொடுத்து வாங்கிய மலாய் வடிவத்தில் முதல் வரி ‘லெத்தாக் இக்குட் சுக்காத்தான், மாக்’ என்று இருந்தது. அதாவது, ‘அளவுப்படி போடு, அம்மா’. மேலாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். அம்மா ஏன் மகளை அம்மா என்று அழைக்கிறார்? அம்மாதான் அளவுப்படி போடச் சொல்லிவிட்டாரே, பிறகு மகளுக்கு என்ன குழப்பம்?

இரண்டும் நியாயமான கேள்விகள். சொல்லைச் சொல்லாகத் திருப்பினால் ‘அளவாப் போடு’ மிகத் துல்லியமான அறிவுரையாகிவிடுகிறது, அதாவது அதன் பொருளே தலைகீழாகிவிடுகிறது. அதனால் திருப்பி எழுதும் தாளில் நான் எப்போதும் மூன்று பத்தி வைக்கிறேன். முதலாவதில் சொல்லுக்குச் சொல். இரண்டாவதில் கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பது. மூன்றாவதில் ஏன் இந்த வரி, மூலத்தின் எந்த வேலையை இது செய்கிறது என்பது. ‘அளவாப் போடு’க்கு இரண்டாவது பத்தியில் நான் எழுதியது வேறொன்றுமில்லை, ‘செச்சுக்குப் ராசா’ என்றே எழுதினேன். அதைப் பார்த்ததும் மேலாளர் சிரித்துவிட்டார், பேச்சு முடிந்தது.

ஆனால் ‘ம்மா’ பற்றிய கேள்வி என்னை யோசிக்க வைத்தது. நமக்கு இயல்பாக இருக்கிறது என்பது வேறு. ஐந்து விநாடிப் பார்வையில், இரண்டு வரியிலும் ‘ம்மா’ வந்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்று தமிழருக்கும் ஒரு கணம் தடுமாறத்தான் செய்யும். தவிர, ‘போடும்மா’ என்றால் கேட்பவர் மகள்தான். பாயான் லெப்பாஸ் பையன்கள் வெளியே போய்விடுகிறார்கள்.

படத்தை மாற்றியபோது வாசகமும் சரியானது

படத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தொடாமல் முடியாது என்பதற்கு அவர்களே ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று இருந்தது. மலாய்ச் சுவரொட்டியின் சட்டியில் இருந்தது மாட்டிறைச்சிக் கறி. தீபாவளிக்கு இந்துக்கள் வரும் கடையில் அதை ஒட்ட முடியாது. சரி, கோழிக்கறியாக மாற்றுவோம், பாக்கெட்டும் கோழியைத்தான் சொல்கிறது என்றார்கள். படம் எப்படியும் மாறுவதால், மற்றதையும் பேசினேன்.

துடோங் அணிந்த பெண்ணுக்குப் பதிலாகப் பொட்டு வைத்த பெண் என்பதுதான் முதலில் எல்லோரும் சொல்லும் மாற்று. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நிறைய. கிறிஸ்தவர்களும் உண்டு. பொட்டு வைத்தால் ஒரு பகுதியை அழைத்து மற்றொரு பகுதியை வெளியே நிறுத்துகிறோம். எனவே முகமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சட்டிக்கு மேல் உப்புக் கரண்டியோடு தயங்கி நிற்கும் ஒரு கை. அடுப்புமேடையில், சீனி டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசி. அதன் திரையில் அழைப்புப் பெயர்: Amma. ஆங்கில எழுத்தில்தான், ஏனென்றால் இங்கே பிள்ளைகள் அப்படித்தான் சேமித்து வைக்கிறார்கள். தமிழ் எழுத்தில் போட்டிருந்தால் அழகாக இருந்திருக்கும், உண்மையாக இருந்திருக்காது.

திரையில் Amma இருப்பதால் முதல் வரியை யார் சொல்வது என்று வாசகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ம்மா’வை முதல் வரியிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்தவுடன் கேட்பவர் மகளாகவும் இருக்கலாம், மகனாகவும் இருக்கலாம். மேலாளரின் முதல் கேள்வியும் தானாகத் தீர்ந்தது. கடைசி வடிவம்:

“அளவாப் போடு.”
“அளவுன்னா எவ்வளவும்மா?”
உப்பும் உறைப்பும் அளந்தே வைத்திருக்கிறோம்.
ஒரு பாக்கெட், ஒரு கிலோ. அளவா இருக்கு!

முதல் வரி கைப்பேசிக்குப் பக்கத்தில், இரண்டாவது கைக்குப் பக்கத்தில், மற்ற இரண்டும் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். திரும்பவும் அதே முறையில் காட்டியபோது ‘கறி பாக்கெட்’ என்றார்கள். ‘உப்புகூடப் போட வேணாமாம்’ என்றான் ஒரு பையன். நாம் எழுதி வைத்த வாக்கியத்தை அவன் தன் சொல்லில் சொல்லிவிட்டான்.

எழுத்துப் பிழை பார்க்க நிறுவனம் ஒரு தமிழாசிரியரை வைத்திருந்தது. அவர் திருத்தி அனுப்பியது: “அளவாகப் போடு என்றால் எவ்வளவு, அம்மா?” பொதுச் சுவரில் கொச்சை எழுதினால் பிள்ளைகள் அதையே கற்றுக்கொள்வார்கள் என்றார். இந்த நாட்டில் தமிழைக் காத்து நிற்பவர்கள் அவரைப் போன்ற ஆசிரியர்கள்தான், அந்தக் கவலையைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. ‘ஐயா, இது நாம் பேசவில்லை, மேற்கோள் குறிக்குள் ஒரு பிள்ளை அம்மாவிடம் பேசுகிறது’ என்று விளக்கினேன். அவரோடு பேசி இப்படி முடிவு செய்தோம்: மேற்கோளுக்குள் பேச்சு வழக்கு, நிறுவனம் தானாகப் பேசும் வரியில் எழுத்துத் தமிழ். அதனால்தான் மூன்றாம் வரியில் ‘வைத்திருக்கிறோம்’ முழுதாக நிற்கிறது. நான் முதலில் ‘எவ்ளோ’ என்று எழுத நினைத்தாலும் ‘எவ்வளவு’ என்றே வைத்திருந்தேன், அதுவும் அப்படியே நின்றது. வேகமாகப் படிப்பவருக்கு அது எளிதாகவும் இருக்கிறது. கடைசியில் வரும் ‘அளவா இருக்கு!’ மட்டும் சாப்பிட்டவர் வாய்ச்சொல் என்பதால் விட்டுவிட்டார்.

அச்சுக்குப் போகும் முன்

வடிவமைப்பாளர் தமிழ் படிக்கத் தெரியாதவர். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் திறந்து வைக்காமல் தமிழை ஒட்டினால், கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தவறான இடத்தில் போய் நிற்கும். ‘போடு’ என்பதில் உள்ள ‘போ’ உடைந்துதான் முதல் மாதிரி வந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எழுத்துக் கோப்போடு சரியான தோற்றத்தைப் படமாகவும் அனுப்பி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதுதான் வழி. வரி எங்கே உடையலாம் என்பதையும் குறித்துக் கொடுத்தேன். இடம் போதாமல் ‘எவ்வளவும்’ ஒரு வரியிலும் ‘மா?’ அடுத்த வரியிலும் போனால் அந்த வாசகம் முடிந்தது.

ஒட்டும் நாளைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. நிறுவனம் செப்டம்பர் இறுதியிலேயே ஒட்ட விரும்பியது. அது புரட்டாசி. இங்கே பல குடும்பங்கள் அந்த மாதம் முழுக்க அசைவம் தொடுவதில்லை. அந்த நேரத்தில் கோழிக்கறிப் படத்தைக் கடைச்சுவரில் பார்த்தால் யாரும் கோபப்படமாட்டார்கள், ஆனால் கவனிக்காமல் கடந்துபோவார்கள். அப்படியானால் புரட்டாசிக்குக் காய்கறிக் குழம்புப் படத்தோடு ஒன்று போடலாமே என்றார்கள். விழுதில் இறைச்சி எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே இயந்திரத்தில் இறால் சேர்த்த சம்பால் விழுதும் அரைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். விரதம் இருப்பவரிடம் அந்தப் பாக்கெட்டைச் சைவம் என்று கொடுக்க முடியாது. யோசனை கைவிடப்பட்டது. அக்டோபர் நடுவில் ஐப்பசி பிறந்ததும், தீபாவளிக் காலைக்குக் கோழி வாங்கப் பசாருக்குப் போகும் நாட்களில் ஒட்டுவது என்று ஆனது.

விற்பனை எவ்வளவு கூடியது என்ற கணக்கை நிறுவனம் வெளியே சொல்வதில்லை. தமிழ்ச் சுவரொட்டியை மறுபடியும் அச்சடித்தார்கள், அதை மட்டும் என்னால் சொல்ல முடியும். அந்த இரண்டாம் அச்சுக்கு முன் இன்னொரு படம் வந்தது. தனியாக இருப்பவர்களுக்காக 100 கிராமில் ஒரு சிறு பாக்கெட் போடப் போகிறார்களாம், அதன் பின்பக்கப் படம். தலைப்பின் இரண்டு வரியும் அப்படியே நின்றன. கீழே ‘ஒரு பாக்கெட், அரை கிலோ’ என்று மாற்றிக் கொடுத்தேன். உப்பு சேர்க்கப்பட்டுவிட்டது என்ற வரி புதிய பாக்கெட்டிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.